திரைக்கு வெளியே நின்ற தேதி

மலேசியாவின் ஈப்போவில் கடைகளுக்கும் சங்கங்களுக்கும் இணையப் பக்கம் செய்து கொடுப்பது என் பிழைப்பு. என் வேலையில் யாராவது குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் கோபத்தில் நான் செய்த ஒரு காரியத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

சிலிம் ரிவர் பக்கம் அப்பா பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். அங்கிருந்த இடுகாட்டை வேறு இடத்துக்கு மாற்ற, பழைய தோட்டத்து ஆட்களே ஒரு குழு அமைத்தார்கள். ஆட்கள் ஊர் ஊராகச் சிதறிப் போயிருந்ததால் பட்டியலை இணையத்தில் போடச் சொன்னார்கள். நானே கேட்டு வாங்கிச் செய்தேன். குழி எண், இறந்தவர் பெயர், தகப்பன் பெயர், லயத்து வரிசையில் குடியிருந்த வீட்டு எண், இறந்த ஆண்டு, இடுகாட்டில் எந்தப் பகுதி என்று ஆறு நெடுவரிசைகள். ஏழாவது, உறவினர் வந்து குழியை அடையாளம் காட்ட வேண்டிய கடைசி நாள். பகுதி பகுதியாகத் தோண்டியதால் அந்த நாள் ஒவ்வொரு பகுதிக்கும் மாறும். அதற்குள் யாரும் வராவிட்டால், கிடைப்பதை ஒரே பொதுக் குழியில் சேர்த்துவிடுவார்கள்.

மடிக்கணினியில் எல்லாம் சரியாக இருந்தது. கைப்பேசியில்தான் தொல்லை. அட்டவணை திரையைவிட அகலம். விரலை வைத்து இழுத்தால் தலைப்பு, அறிவிப்பு எல்லாம் அதோடு சேர்ந்து இடப்பக்கம் ஓடி, வலப்பக்கம் வெறும் வெள்ளை தெரியும். குழுவின் செயலாளர் அண்ணன் கூப்பிட்டார்.

“தங்கச்சி, பக்கம் ஆடுது லா. தொட்டா மொத்தமா ஓடுது. வயசானவங்க சூசா, பாக்கவே கஷ்டமா இருக்குன்னு சொல்றாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. இலவசமாகச் செய்ததற்கு இதுவும் கேட்க வேண்டுமா என்று நினைத்தேன். பக்கத்தின் அகலத்தைத் தாண்டி வழிவதை மறைத்துவிடு என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். ஆட்டம் நின்றது. என் கைப்பேசியில் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, “போதுமா அண்ணே?” என்று கொஞ்சம் வெடுக்கென்றே கேட்டேன். அவர் நன்றி சொன்னார்.

வழிவதை மறைத்தபோது அட்டவணையின் வலது பகுதியும் அறுபட்டுப் போனது. இழுத்தும் பார்க்க முடியாது, விரித்தும் பார்க்க முடியாது. ஏழாவது நெடுவரிசை கைப்பேசியில் யாருக்கும் இல்லை. பட்டியலை நானே தட்டியவள் என்பதால் அது அங்கே இருப்பதாகவே என் கண் நினைத்துக்கொண்டது.

சில வாரம் கழித்து அண்ணன் ஓர் அக்காவை என் கடைக்கு அழைத்து வந்தார். பக்கத்துச் செமோர் ஊர்க்காரர், அறுபது தாண்டியவர். பிறந்து ஒன்பதாம் நாள் இறந்த மகளை அந்தத் தோட்டத்தில் புதைத்திருந்தார். பெயர் வைப்பதற்கு முன்னால் போன பிள்ளை. பட்டியலில் ‘பெண் குழந்தை’ என்றுதான் இருக்கும். கணவர் பெயரையும் லயத்து எண்ணையும் வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

“தினம் பாத்தேன் மா. தேதி போடவே இல்லையே. முடிவானதும் போடுவாங்கன்னு இருந்தேன். எடுத்துச் சுத்தி வைக்கப் புதுத் துணிகூட வாங்கி வச்சிருக்கேன். அண்ணன் என்னடான்னா தேதி இருக்குங்கிறாரு.”

அவருடைய கைப்பேசியை வாங்கிப் பார்த்த உடனே எனக்கு விளங்கிவிட்டது. அந்த வரியை நீக்கினேன். அட்டவணையை மட்டும் தனி உறைக்குள் வைத்து, பக்கவாட்டில் நகரும் அனுமதியை அந்த உறைக்கு மட்டும் கொடுத்தேன். இனி பக்கம் அப்படியே நிற்கும், அட்டவணை மட்டும் உள்ளே நகரும். மொத்தம் ஐந்து நிமிட வேலை. முதலிலேயே இதைச் செய்திருக்கலாம்.

பக்கத்தைப் புதிதாகத் திறந்து அவரிடம் கொடுத்தேன். தன் மகளின் வரிசையில் விரலை வைத்து மெல்லத் தள்ளினார். ஏழாவது நெடுவரிசை உள்ளே வந்தது. அந்த நாள் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது.

“தப்பு என்னோடது அக்கா,” என்றேன்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இன்னொரு முறை தள்ளிப் பார்த்துவிட்டு, “இப்ப நல்லா இருக்கு மா. மத்தவங்களுக்குத் தெரியும்ல,” என்றார். பிறகு அண்ணனிடம் திரும்பினார்.

“அந்தப் பொதுக் குழியில எத்தனை பேருண்ணே?”

“பதினாலு பேரு.”

“பொம்பளைங்க இருக்காங்களா?”

“இருக்காங்க மா. அஞ்சு பேரு.”

அக்கா கைப்பேசியை அணைத்துப் பைக்குள் வைத்தார்.

“அப்ப என் பிள்ளைய யாராவது தூக்கி வச்சிருப்பாங்க,” என்றார்.