தெருவே கையெழுத்துப் போட்ட புகார்

என் அண்ணன் வீரபாகு பட்டுத்தறி நெய்பவர். சாயங்காலம் தறியை விட்டு எழுந்தால் பூப்பந்து ஆடப் போய்விடுவார். ஐந்து பேர் அணியில் பின்வரிசையில் நிற்பார். மஞ்சள் கம்பளிப் பந்து எங்கே விழுமோ அங்கே முன்னாலேயே நின்றுகொண்டிருப்பார். நான் எட்டாவதோடு நின்றவள், கூட்டத்தில் பேசத் தெரியாது. மைதானத்து மதில் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

அந்த வருஷம் அவருக்கு மாவட்ட அணியில் இடம் கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். சென்னையில் ஒரு மில்லில் பூப்பந்து ஆடுகிறவர்களுக்கு வேலை கொடுத்தார்கள். மாவட்டத்துக்கு ஆடிய சான்றிதழ் வேண்டும், வயது இருபத்தைந்தைத் தாண்டக் கூடாது. அண்ணனுக்கு அதுதான் கடைசி வருஷம்.

தேர்வு ஆட்டம் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு என்று மாவட்டச் சங்கத்திலிருந்து கார்டு வந்தது. மாலைதானே என்று அண்ணன் அன்று காலையில் பக்கத்து வீட்டு சபாபதி மாமாவின் பாவுக்குக் கைகொடுக்க ஒப்புக்கொண்டார். தறியில் ஏற்றும் நீள நூல்தான் பாவு. அதைத் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, காய்ந்ததும் சுருட்டுவார்கள். இழுத்துக் கட்டிவிட்டால் நடுவில் யாரும் கைவிட முடியாது.

நான்கு மணிக்கு மட்டையோடு போனவர் உடனே திரும்பி வந்தார். தேர்வு காலை ஏழு மணிக்கே தொடங்கி முடிந்துவிட்டதாம். முதல் நாள் மாலை மைதானத்தில் வாயால் சொன்னார்களாம். அந்தச் சனிக்கிழமை அண்ணன் தறியை விட்டு எழவில்லை, மைதானத்துக்குப் போகவில்லை. அவர் இடத்துக்கு மாவட்டச் சங்கச் செயலாளரின் மச்சினன் பெயர் போட்டிருந்தது.

எங்கள் கிளப் கேப்டன் ராஜவேலு, நெசவாளர் சொசைட்டியில் குமாஸ்தா. செயலாளரிடம் கேட்கப் போய்விட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"இன்னா சொன்னான் தெரியுமா? உங்க ஆளு தூங்கிக்கினு இருந்திருப்பான்னு சிரிக்கிறான்பா."

சபாபதி மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "தூங்கினானா? என் பாவைப் புடிச்சிக்கினு நின்னவன்பா. தெருவே பார்த்துது. எழுதுப்பா, நாங்க கையெழுத்துப் போடறோம்."

"உன் கையெழுத்தைப் பார்த்தா சென்னையில பயந்துடுவாங்க மாமா," என்றார் ராஜவேலு.

"பயப்படட்டும்."

சென்னையிலிருக்கும் மாநிலப் பூப்பந்துக் கழகத்துக்கு ராஜவேலு எழுதினார். எழுத எழுத வாசித்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். நேரம் மாறியதை எழுத்தில் தெரிவிக்கவில்லை, தேர்வுக்குழுவில் இருப்பவரின் உறவினர் எடுக்கப்பட்டிருக்கிறார் என்று இருந்தது. ஆதாரமாக அந்தக் கார்டு, போன வருஷப் போட்டிகளில் நடுவர் கையெழுத்திட்ட ஸ்கோர் தாள்கள். மறு தேர்வு ஆட்டம் நடத்த வேண்டும், அதுவரை அணிப் பட்டியலை நிறுத்திவைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். கூடவே தெருவாரின் தனித்தாள் ஒன்று. அதில் மாமா சொல்லச் சொல்ல எழுதினார்: வீரபாகு விடியற்காலை முதல் மதியம் வரை பாவில் இருந்தார், தூங்கவில்லை, பாவு போட்டபின் விட்டுப் போக முடியாது.

"கடைசி வரி எதுக்கு மாமா?"

"பட்டணத்துக்காரனுக்குப் பாவுன்னா இன்னான்னு தெரியணுமில்ல?"

எல்லோரும் போட்டபின் அண்ணனும் கையெழுத்துப் போட்டார். நகல் ஒன்று மாவட்டச் செயலாளருக்கும் போயிற்று. மாநிலக் கழகம் அவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறது என்று ராஜவேலு சொன்னார். அந்த நாட்களில் தபால்காரர் மணி கேட்டால் அண்ணனின் தறி நிற்கும். அவர் தாண்டிப் போனதும் மறுபடி ஓடும்.

பதில் வந்தபோது மாவட்ட அணி போட்டிக்குக் கிளம்பிவிட்டிருந்தது. ராஜவேலு நின்றபடியே வாசித்தார். நேர மாற்றத்தை எழுத்தில் அறிவிக்காதது குறைதான், இனி எல்லா அறிவிப்பும் ரிஜிஸ்தர் தபாலில் போக வேண்டும் என்று மாவட்டத்துக்கு உத்தரவிட்டிருக்கிறோம். ஆனால் தேர்வு ஆட்டத்துக்கு வராதவரை எடுக்க விதியில்லை. காலை நேரம் தெரிந்திருந்தாலும் அவரால் வந்திருக்க முடியாது என்பதைத் தாங்கள் இணைத்த தெருவாரின் கடிதமே காட்டுகிறது. மறு தேர்வுக்கு இடமில்லை.

"தெரிஞ்சிருந்தா பாவுக்கே வந்திருக்க மாட்டானேடா," என்றார் மாமா. மெதுவாகத்தான் சொன்னார். பிறகு கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"நான் பாவைப் பத்திச் சொல்லியிருக்கக் கூடாதுபா."

"உட்டுடு மாமா," என்றார் அண்ணன். "நீ சொன்னது பொய்யா?"

தறிக்குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்தார். ராத்திரி சோறு போட்டேன். சாப்பிட்டார். உப்பு போட மறந்திருந்தேன், அவர் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் தேர்வு அறிவிப்பு ரிஜிஸ்தர் தபாலில் வந்தது. தபால்காரர் காட்டிய இடத்தில் அண்ணன் கையெழுத்துப் போட்டு வாங்கினார். காலை ஏழு மணி என்றிருந்தது. மில்லுக்கு வயது கடந்துவிட்டது. மாமா தன் பாவை மறுநாளுக்குத் தள்ளிவைத்தார். அண்ணன் போனார். பத்து மணிக்குத் திரும்பி மட்டையை ஆணியில் மாட்டினார்.

"ஆட விட்டாங்களாண்ணா?"

"விட்டாங்க. எடுக்கல."

"புகார் எழுதலாமா?"

"இன்னான்னு எழுதறது? கூப்பிட்டாங்க, ஆடினேன்."

மறுநாள் விடியற்காலை மாமாவின் பாவுக்கு முதல் ஆளாக அவர்தான் போய் நின்றார்.