பசுவந்தனைப் பச்சை

கோவில்பட்டியில் எனக்குப் பெயிண்ட் கடை. கேட்ட நிறத்தைக் கலந்து தரும் மிஷினை வாங்கிப் போட்ட நாளிலிருந்து என்னைப் பிடித்த சனியன், போனில் வரும் சுவர்ப் படங்கள்தான்.

அன்றைக்கு வந்த படம் பசுவந்தனையிலிருந்து. பருத்தி, மிளகாய் போடும் சம்சாரி ஒருவர், ஒரு பச்சைச் சுவரை அனுப்பி, இதே கலரில் நாலு லிட்டர் வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை காலையில் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். கூடத்தில் மூன்று சுவர் அடித்து முடித்ததும் பெயிண்ட் தீர்ந்துவிட்டது. நிற எண் ஒட்டியிருந்த டப்பா மூடியை யாரோ தூர எறிந்துவிட்டார்கள். வாங்கிய கடையோ தூத்துக்குடியில், அதுவும் பில் இல்லாமல்.

படம் என் போனில் எலுமிச்சங்காய் நிறத்தில் இருந்தது. என் வீட்டுக்காரி போனில் பாசிப்பயறு. சம்சாரியைக் கூப்பிட்டு ஏசு ஏசென்று ஏசினேன். மஞ்சள் பல்பைப் போட்டுக்கொண்டு படம் எடுத்தால் சுவரும் மஞ்சள் பூசிக்கொள்ளும். கேமரா அதைத் தன் இஷ்டத்துக்குத் திருத்தும். பிறகு ஒவ்வொரு திரையும் ஒவ்வொரு மாதிரி காட்டும். இதை நம்பி நான் எதைக் கலக்க?

"சுவத்துல ரூவா அகலத்துக்குப் பேத்து எடுத்துட்டு வாரும்" என்றேன்.

புதுசாய் அடித்த சுவரைப் பேர்க்க அவர் சம்சாரம் லேசில் சம்மதிக்கவில்லையாம். கடைசியில் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்து, குழந்தையைப் பொதிவதுபோல் துண்டில் பொதிந்து கொண்டுவந்தார். மிஷின் அதன் நிறத்தை அளந்து சொன்னபடி கலந்தேன். அட்டையில் தடவி, காய்ந்த பிறகு தெருவில் நிழலில் நின்று சில்லோடு சேர்த்துப் பார்த்தோம். அச்சு அசல்.

வியாழக்கிழமை மத்தியானம் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. கூடத்து மூலை, முன்னமே அடித்த பழைய சுவர் வெளிர்பச்சை, புதிதாக அடித்தது கரும்பச்சை. கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. விடிந்தால் மாப்பிள்ளை வீட்டார் வந்து நிற்பார்கள்; ஒரு பொண்ணு காரியம் என்னால் கெட்டால் எந்த முகத்தோடு கடை திறப்பேன்? மிஷினையும் அதை விற்றவனையும் வைதுகொண்டே, வெயிலில் பைக்கை விரட்டினேன்.

அவர் பருத்திக் காட்டுக்குப் போயிருந்தார். போன் வீட்டில் கிடந்தது. அவர் சம்சாரம் என்னைக் கூடத்துக்குக் கூட்டிப் போனார். நான் மூலையில் முகத்தை வைத்துப் பார்த்தேன். இரண்டு சுவரும் ஒரே பச்சை. பழைய சுவரில் ஜன்னல் வெளிச்சம் நேராக விழுகிறது. புதுச் சுவரில்தான் அந்த ஜன்னலே இருக்கிறது; அதனால் அது நிழலில் நிற்கிறது. அவ்வளவுதான் சங்கதி. நல்லா அமைந்துவிட்டது என்று காட்டத்தான் படம் அனுப்பினாராம்.

ஓடி வந்த காரணத்தைச் சொன்னேன். அந்த அம்மா சிரிக்கக்கூட இல்லை.

"போட்டோவ நம்பாதீயன்னு அவியள அந்த ஏச்சு ஏசுனீயளே அண்ணாச்சி, நீங்க இம்புட்டுத் தூரம் எத நம்பி வந்தீய?"

கொடுத்த மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வண்டிச் சாவியைத் தேடினேன்.