முத்திரைக்கு அடியில் இருந்த தொகை

மாட்டுங்காவில் ஒரு வரி ஆலோசகரிடம் கணக்கெழுதிக்கொண்டிருக்கிறேன். போன மழைக்காலத்தில் தாராவியிலிருந்து ஒரு அம்மா இறந்துபோன கணவரின் பழைய பாஸ்புக்கோடு வந்தார். கணவர் அம்பர்நாத்தில் ஒரு ஆலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடிப் பல வருடங்களுக்குப் பிறகு, அதன் நிலத்தை விற்றுத் தொழிலாளர் பாக்கியைக் கொடுக்கப்போகிறார்கள். எந்த மாதம் வரை சம்பளம் வந்தது என்பதற்கு வக்கீல் வரிசையான பட்டியல் கேட்டிருந்தார். வங்கி வேறொன்றோடு இணைந்துவிட்டதால் பழைய கணக்கு எடுக்க முடியவில்லை.

"ஆல மூடுத வரைக்கும் சம்பளம் விழுந்திச்சு சார். மாசாமாசம் புக்க வாங்கிப் பாப்பேன். இங்கிலீஷ் தெரியாது, தொகை தெரியும்லா" என்றார்.

அச்சு பல இடங்களில் வெளிறியிருந்தது. கைப்பேசியில் படமெடுத்து, பெரிதாக்கி, ஒவ்வொரு வரியாக எக்செலில் ஏற்றினேன். முந்தைய இருப்போடு வரவைக் கூட்டிச் செலவைக் கழித்தால் அடுத்த இருப்பு வரவேண்டும். வராவிட்டால் நான் தப்பாகப் படித்திருக்கிறேன். மூன்றா எட்டா என்ற சந்தேகமெல்லாம் அப்படித்தான் தீர்ந்தது.

கடைசிப் பக்கம் கையால் எழுதியது. அதில் ஒரு செலவுத் தொகையை வங்கி முத்திரை மூடியிருந்தது. முன் இருப்பு 53,120. பின் இருப்பு 3,120. எடுத்தது ஐம்பதாயிரம். அதற்கு முந்தைய வரி, வைப்புத்தொகையை முடித்து வரவு வைத்த ஐம்பதாயிரம்.

அதன்பின் ஐந்து மாதமும் 9,500 வரவு. அதுவரை சம்பளம் 9,480, 9,515 என்று மாறி மாறி வந்திருந்தது. இந்த ஐந்திலும் சம்பளம் என்று இல்லை; ரொக்கம் என்று இருந்தது.

அவரிடம் சொல்லாமல் பட்டியலைக் கொடுக்க மனம் வரவில்லை.

"இந்த அஞ்சு மாசம் கம்பெனி சம்பளம் போடலை. அவரே பணமாக் கட்டியிருக்கார்."

"ஏது பணம்?"

வைப்புத்தொகை வரியைக் காட்டினேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத அவுக தம்பிக்குத் தூக்கிக் குடுத்துட்டாகன்னுல்லா நெனச்சேன். கேட்டுக் கேட்டுப் பாத்துட்டுப் பேச்சையே நிறுத்திட்டேன். ஒரு வருசம். சோத்த வச்சிட்டுப் போயிருவேன். அப்படியே போய்ச் சேந்துட்டாக."

தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"வேலைக்குப் போனாகளா, அதும் பொய்யா?"

ஆலை அப்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது, யாருக்கும் சம்பளம் தரவில்லை என்று வக்கீல் போனில் சொன்னார். அந்த ஐந்து மாதத்தையும் பாக்கியில் சேர்க்கலாம் என்றார். இரண்டையும் அந்த அம்மாவிடம் சொன்னேன்.

பாக்கி கேட்டு வக்கீல் போட்ட மனு ஏற்கப்பட்டது. பணம் இன்னும் வரவில்லை. பட்டியலில் கையெழுத்துப் போட வந்த அன்று, ஐந்து வரிகளையும் காட்டச் சொல்லி ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். பிறகு மழைக்குள் இறங்கி ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.