கூலி கொடுத்து வைத்த பரீட்சை

கையெழுத்து அழகாக இருக்கிறது என்று ஒருவனை வேலைக்கு வைத்து நாங்கள் பட்ட பாடு போதும். போர்ட் பிளேர் பஜாரில் நான் மேனேஜராக இருந்த மளிகைக் கடைக்குச் சரக்கு முழுக்கச் சென்னையிலிருந்து கப்பலில்தான் வரும். மாதத்துக்கு ஒரு கப்பல் வந்தால் அதிர்ஷ்டம். கையிருப்பைப் பார்த்து, அடுத்த கப்பல் வரைக்கும் எது தீரும் என்று கணித்து, இன்டென்ட் என்ற கொள்முதல் பட்டியலை எழுத ஒருவன் வேண்டும். அவன் ஒன்றை மறந்தால் ஊரே ஒரு மாதம் அதற்காக அலையும். அந்த அழகுக் கையெழுத்துக்காரன் மழைக்காலத்தில் லாந்தர்க் கண்ணாடியை மறந்துவிட்டு ஊறுகாயாக வரவழைத்தான்.

அவனை அனுப்பிய பிறகு முதலாளியிடம் சொன்னேன். "இந்தத் தடவை ஆளப் பாத்து எடுக்க வேணாம் மொதலாளி. வேலையக் குடுத்துப் பாத்து எடுப்போம்."

"சும்மா எழுதச் சொல்லு, எழுதுவானுங்க" என்றார்.

"சும்மா எதுக்கு எழுதணும்? அரை நாள் கூலி குடுப்போம். வர்றவன் அன்னைக்கிப் பொழப்ப விட்டுட்டுல்ல வர்றான்."

முகம் சுளித்தாலும் சம்மதித்தார். அந்தப் பரீட்சையை நான் பார்த்துப் பார்த்துச் செய்தேன். போன வருஷத்து ஒரு மாதக் கையிருப்பை எடுத்து ஐந்து பிரதி எழுதினேன். மாதம் என்னென்ன எவ்வளவு விற்கும், அடுத்த கப்பல் எப்போது என்பதும் அதிலேயே இருந்தது. அந்த மாதம் எது தீர்ந்தது, எது தேங்கியது என்பது எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஆகவே விடை என் மனம்போல மாறாது. அதைவிட முக்கியம், முடிந்துபோன மாதத்துக்கு எழுதும் பட்டியலை வைத்துக்கொண்டு யாரும் சரக்கு வாங்க முடியாது. வந்தவன் உழைப்பு பரீட்சையோடு நிற்கும்.

ஐந்து பேர் வந்தார்கள். ஐவருக்கும் ஒரே தாள், இரண்டு மணி நேரம். எதைப் பார்த்து மதிப்பெண் போடுவோம் என்று முன்னாலேயே சொன்னேன். கூலியை எழுத உட்காரும் முன்பே கையில் கொடுத்தேன், தேறினாலும் தேறாவிட்டாலும் அது அவர்களுடையது. தாளில் பெயர் கிடையாது, நம்பர்தான். நானும் கடையின் மூத்த சேல்ஸ்மேனும் தனித்தனியாகத் திருத்தினோம். இரண்டு பேருக்குமே மூன்றாம் நம்பர் முதலில் நின்றது.

மூன்றாம் நம்பர் சாத்தம் மரமில்லில் தினக்கூலிக்குப் பலகை எண்ணிக்கொண்டிருந்தவன். இராமநாதபுரம் பக்கம். பெண்டாட்டியையும் பிள்ளையையும் ஊரில் விட்டுவிட்டு லேபர் ஷெட்டில் பத்துப் பேரோடு படுத்துக் கிடந்தான். எங்கள் வேலையோடு ஊருக்குள் லம்பா லைன் என்ற இடத்தில் ஓர் அறையும் உண்டு. அவனுக்கு அந்த அறைதான் குறி. அறை கிடைத்தால் குடும்பம் வரும், கிடைக்காவிட்டால் வராது. அவ்வளவுதான் கணக்கு.

முதலாளி அவன் தாளைப் புரட்டிப் பார்த்தார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை நான் நல்லதாக எடுத்துக்கொண்டேன், மடையன்.

"பழசு சரிப்பா. இன்னைக்கி இருக்கிற சரக்க வச்சும் ஒரு தடவ எழுதட்டுமே. கப்பல் வேற பொறப்படப் போகுது."

"மொதலாளி, அது பரீட்சை இல்ல, வேலை. அப்ப முழுக் கூலி குடுக்கணும்."

"வேலையே குடுக்கப்போறோம். இதுக்குப் போயிக் கூலிங்கிற?"

வேலையே கொடுக்கப்போகிறோம் என்ற அந்த ஒரு சொல்லில் நான் விழுந்தேன். அவனைக் கூப்பிட்டேன். இரண்டு நாள் மில்லுக்குப் போகாமல் குடோனில் மூட்டை மூட்டையாக எண்ணினான். மழையில் தீப்பெட்டி நமத்துப்போகிறது, தகரம் அடித்த பெட்டியில் அனுப்பச் சொல்லி எழுதினான். வண்டூர் மீன்காரர்களுக்கு வலை நூல் சேர்த்தான். எங்கள் கடை இன்டென்டில் வலை நூல் அதுவரை ஏறியதே இல்லை. படித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. "ஒனக்குத்தாண்டா வேலை, ஒண்ணாந்தேதியிலேர்ந்து. வீட்டுக்கு எழுதிப் போடு, அடுத்த கப்பல்ல ஏறட்டும்" என்றேன்.

"நெசமாவாண்ணே?"

"நான் சொல்றேன்ல."

அந்தக் கப்பலிலேயே அவன் கடிதம் போனது.

கப்பல் போன பதினைந்தாம் நாள் கடையில் ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தான். முதலாளியின் மருமகனுக்குத் தம்பி. சம்பந்தி வீட்டில் கேட்டுவிட்டார்களாம், தட்ட முடியவில்லையாம். லம்பா லைன் அறைச் சாவியும் அவன் கையில்.

"அப்ப அவன் எழுதிக் குடுத்தது?" என்று கேட்டேன்.

"அதையா? கிழிச்சுப் போட்டாச்சு. நானே ஒண்ணு எழுதி அனுப்பிட்டேன். நம்ம கடைய நமக்குத் தெரியாதா?"

நம்பினேன். லேபர் ஷெட்டுக்குப் போய் அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு பேருமாகப் போய் ஊருக்குத் தந்தி அடித்தோம். அதற்குள் அவன் பெண்டாட்டி கிளம்பியிருந்தாள். இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டுச் சென்னையில் கப்பலுக்குக் காத்திருக்கிறாள் என்று ஊர்க்காரர்களிடமிருந்து பதில் வந்தது. இரண்டு நாள் வராததால் மில்லில் அவன் இடமும் போயிருந்தது. கப்பல் அணையும் ஜெட்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான்.

அடுத்த கப்பல் வந்த அன்று காலை சரக்கைப் பார்த்து வாங்க நான் சாத்தம் ஜெட்டிக்குப் போயிருந்தேன். எங்கள் கடை மார்க் போட்டு முதலில் இறங்கியது தகரம் அடித்த தீப்பெட்டிப் பெட்டிகள். அடுத்து வலை நூல். கையிலிருந்த சரக்குப் பட்டியலைப் பார்த்தேன். அவன் எழுதிய வரிசை, அவன் எழுதிய அளவு, ஒன்றுகூட மாறவில்லை.

பெட்டியைத் தோளிலிருந்து இறக்கியவன் அவன்தான்.

"இது நான் எழுதுனதுதானேண்ணே?" என்றான்.

"எனக்குத் தெரியாதுடா. சத்தியமா."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை துளியும் இல்லை. அவனைக் குறை சொல்ல முடியாது. பரீட்சை வைத்தவன் நான், குடோனைத் திறந்துவிட்டவன் நான், வேலை உனக்குத்தான் என்றவனும் நான். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். முதலாளி என் கழுத்தை அறுத்தார், ஆனால் அவன் கழுத்தை அறுக்க என் கையைத்தான் கத்தியாகப் பிடித்திருந்தார்.

அதற்குள் பயணிகள் இறங்க ஆரம்பித்தார்கள். தகரப் பெட்டியும் தூக்கத்தில் தோளில் சாய்ந்த பெண் குழந்தையுமாக அவள் வந்தாள். கடல் பயணம் அவளைப் பிழிந்து எடுத்திருந்தது. ஆனாலும் முகம் சிரித்தது. அவன் என்னைக் காட்டாமலே என்னை யாரென்று கண்டுகொண்டாள்.

"அந்தக் கடை அண்ணன்தானே? ஒங்களப் பத்தித்தான் எழுதியிருந்தாக" என்று பையிலிருந்து ஒரு கருப்பட்டிப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள். "புள்ளைக்கி ஒடம்பு சரியில்ல. ரூமு பக்கந்தானாண்ணே?"

நான் அவனைப் பார்த்தேன். அவன் குனிந்து அடுத்த பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"அவர்ட்டயே கேளு" என்றான். "வரச்சொல்லி எழுதச் சொன்னது அவருதான்."