ஒரே வீட்டுக்கு இரண்டு வரி

தையல்காரிக்கு ரோஷம் மூக்கு நுனியில். விருந்தாளிகள் முன்னால் புருஷன், "இது என் உழைப்புல கட்டின வீடு" என்று பெருமையடித்துவிட்டான். இருவர் பெயரிலும் இருக்கிற வீடு. அன்றோடு பேச்சு நின்றது. தையல் மெஷின் மோட்டார் புகைந்து படுத்துக் கிடந்தபோதும், அதற்கு எடுத்துவைத்த பணத்தைக் கொண்டுபோய் இந்த வருஷச் சொத்து வரியை ஆன்லைனில் கட்டினாள். இனி எவன் வாய் திறப்பான், பார்க்கலாம்!

பஸ் ஓட்டுகிற அந்த மனுஷனுக்கும் ரோஷத்துக்குக் குறைச்சல் இல்லை. அவள் கட்டியது தெரியாமல், மறுநாளே நகராட்சி கவுண்டரில் அதே வரியை அவனும் கட்டிவிட்டான். ஒரு வார்த்தை பேசியிருந்தால் தீர்ந்திருக்கும். பேசினால்தானே!

அலமாரி மேல் அவன் ரசீதைப் பார்த்ததும் அவளுக்குத் திக்கென்றது. பள்ளி திறக்கப்போகிறது, சீருடைத் துணி மூட்டை மூட்டையாகக் காத்திருக்கிறது. மோட்டார் இல்லாவிட்டால் அத்தனை ஆர்டரும் கைநழுவிப் போகும். இரண்டு ரசீதையும் எடுத்துக்கொண்டு நகராட்சிக்கு ஓடினாள்.

வருவாய்ப் பிரிவு எழுத்தர் அம்மாள் வரிவிதிப்பு எண்ணைத் தட்டிப் பார்த்தாள்.

"ஆன்லைன்ல கட்டினது கணக்குல ஏற ரெண்டு நாளாகும்மா. அதுக்குள்ள இவரு கட்டியிருக்காரு. வேற பாக்கி எதுவும் இல்ல. கூடுதலா வந்த தொகைய திருப்பித் தரலாம், இல்ல அடுத்த வருஷத்துல வரவு வைக்கலாம்."

"திருப்பியே குடுத்துடுங்க மேடம்."

"அதுக்கு மனு, பேங்க் பாஸ்புக் நகல் எல்லாம் வேணும். தணிக்கை முடிஞ்சு, கமிஷனர் உத்தரவு போட மாசக்கணக்காகும். அதுவும் உங்களுக்கு வராது. முதல்ல கட்டினது நீங்க, அது இந்த வருஷ வரியாப் போச்சு. கூடுதல் அவரு கட்டினதுதான். அவரு கையெழுத்து போடணும்."

ஜெயித்தும் தோற்றாற்போல ஆகிவிட்டது. பாவம், அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அவர்கிட்ட நான் பேசறதில்ல மேடம்."

"நானே வந்துட்டேன்" என்றது பின்னால் ஒரு குரல். காக்கிச் சட்டையும் வியர்வையுமாகப் புருஷன் நின்றிருந்தான். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போனவன், அலமாரி மேல் ரசீதைக் காணாமல் அப்படியே இங்கே வந்திருக்கிறான்.

"அடுத்த வருஷத்துலயே வரவு வெச்சுக்குங்க மேடம்" என்று சொல்லிவிட்டு மனுவை வாங்கி எழுதினான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பணம் நகராட்சியிலேயே முடங்கினால் மோட்டாருக்கு எங்கே போவாள்?

கையெழுத்தைப் போட்டவன் அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினான்.

"மோட்டார் கடைக்காரன்கிட்ட சொல்லிட்டேன். சம்பளத்துல மாசாமாசம் குடுத்துக்கறேன். சாயங்காலம் கொண்டாந்து மாட்டிடுவான்."

"உங்களை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. அந்த மெஷின் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கம் வரல. அந்தச் சத்தத்துல கட்டின வீடுதானே அது."

அவளுக்குக் கண் நிறைந்தது. ஆனாலும் விட்டுக்கொடுப்பாளா?

"அதை விருந்தாளிங்க முன்னாடி சொல்லுங்க."

"சொல்றேன்" என்றான். எழுத்தர் அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு முத்திரையைத் தேடினாள்.