நாலு பேர் என்று சொல்லிவிட்டு

முதல் தறி வாங்க அன்னூர் சமையல்காரன் மாசாணத்திடம் ஐயாயிரம் கடன்பட்டேன், வட்டியோடு அடைத்தேன். இன்று கருமத்தம்பட்டியில் நாற்பது தறி எனக்கு. ஆனால் ஊர் புகழ்வது அவன் சமையலை. என் வயிறு எரியும்.

பேத்தி கல்யாணத்துக்கும் அவன் சமையல்தான் வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். "ஞாயிறு பதினொரு மணிக்கு நாலு பேர் ருசி பார்க்க வாரோம்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அவன் திணறட்டும் என்று பத்துப் பேரோடு அன்னூருக்குப் போனேன்.

நாலு இலைதான் போட்டிருந்தான்.

"ஏனுங்க மாசாணம், மத்தவங்களுக்கு?"

"நீங்க சொன்னது நாலுங்க. மீதிப் பேருக்குக் கிண்ணத்துல ஒருவாய் தாரேன். கல்யாணத்துக்காச்சும் ஆளுக் கணக்கைச் சரியாச் சொல்லிப்போடுங்க!"

என் சொந்தங்களே சிரித்தார்கள். குறை சொல்லத்தான் ஒப்புட்டுப் போளியைக் கடித்தேன், இன்னொன்று கேட்டேன். பிறகு, அவன் நீட்டிய உள்ளங்கையில் அட்வான்ஸை எண்ணி வைத்தேன்.