காரமடைக்கு டிரெட்மில் பார்க்கப் போனது

என் வீட்டுக்காரரிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "நல்லா இருக்குதுங்க." முடிவெட்டுகிறவர் காதோரம் தாறுமாறாகக் கத்தரித்துவிட்டுக் கண்ணாடியை நீட்டினாலும் அதைத்தான் சொல்வார். சொல்லிவிட்டு வந்து பதினைந்து நாள் தொப்பியோடு திரிவார். எதிரில் இருப்பவர் முகம் வாடிவிடக் கூடாதாம். எங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள் மரியாதைக்காரர்கள்தான், ஒத்துக்கொள்கிறேன். இவருடையது மரியாதை இல்லை, வியாதி.

போன வருடம் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். இவரும் தவறாமல் நடந்தார், தெருமுனை பேக்கரி வரைக்கும். அங்கே யாராவது தெரிந்தவர் டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக் கொடுப்பார். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தால்தானே? இந்த மனுசன் இல்லாமல் ஒரு நாள்கூட என்னால் ஓட்ட முடியாது. அதனால் வீட்டுக்குள்ளேயே, என் கண் முன்னாலேயே நடக்க வைப்பது என்று முடிவு செய்தேன்.

புது டிரெட்மில் விலையைப் பார்த்ததும் பழசு தேட ஆரம்பித்தேன். காரமடைப் பக்கம் ஒன்று விற்பனைக்கு இருப்பதாக போனில் படத்தோடு வந்தது. பக்கத்துத் தெருவில் ஜிம் வைத்திருக்கும் தம்பியிடம் காட்டினேன்.

"சும்மா ஓட விட்டுக் காட்டுவாங்கக்கா, நம்பிப்போடாதீங்க. ஆள் ஏறாத பெல்ட்டு எப்பவும் நல்லாத்தான் ஓடும். ஊட்டுல யாரு எடை ஜாஸ்தியோ அவிய ஏறி மெதுவா நடக்கோணும். கால் வெக்கறப்பெல்லாம் பெல்ட்டு நின்னு நின்னு போச்சுன்னா வழுக்குதுன்னு அர்த்தம்."

எங்கள் வீட்டில் எடை ஜாஸ்தி யார் என்பதில் சந்தேகமே இல்லை.

கறிவேப்பிலைத் தோட்டத்துக்கு நடுவில் இருந்தது அந்த வீடு. வயதான தம்பதி. மகனும் மருமகளும் வெளிநாடு போய்விட்டார்களாம், டிரெட்மில் அவர்கள் விட்டுப் போனது. அதன் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அப்படியே இருந்தது.

"மொதல்ல சாப்புடுங்க அம்மணி, மெசின் எங்கீங்க ஓடிப்போகப் போவுது?" என்றார் பெரியவர்.

இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டில் கை நனைத்துவிட்டால் அப்புறம் அவர்கள் பொருளைக் குறை சொல்ல வாய் வராது. "பார்த்துப்போட்டுச் சாப்புடறோமுங்க" என்று நான் சொல்லிக்கொண்டே திரும்பினால், இவர் ஏற்கெனவே ஒப்பிட்டை, அதாவது பருப்புப் போளியை, பிய்த்து நெய்யில் தோய்த்துக்கொண்டிருந்தார். அது இரண்டாவது என்று அந்த அம்மா பெருமையாகச் சொன்னார்.

பெரியவர் சுவிட்சைப் போட்டார். பெல்ட் சத்தமில்லாமல் வழுவழுவென்று ஓடியது. நான் ஏறி நடந்து பார்த்தேன், ஒரு குறையும் தெரியவில்லை. தெரியாதுதான். ஒரு சிமென்ட் மூட்டை கூட என்னைவிடக் கொஞ்சம் கனமாக இருக்கும்.

அடுத்து இவர். நிறுத்துவதற்கான சிவப்புக் கிளிப்பைச் சட்டையில் மாட்டிவிட்டு, மெதுவான வேகத்தில் வைத்தேன்.

"எப்புடிங்க இருக்குது?" என்றார் பெரியவர்.

"அருமையா இருக்குதுங்க!"

பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. நான் குனிந்து பெல்ட்டையே பார்த்தேன். இவர் கால் வைக்கும்போதெல்லாம் அது ஒரு கணம் தயங்கி, பிறகு வெடுக்கென்று நகர்ந்தது.

"வழுக்கலீங்களா?" என்றேன் இவரிடம்.

"இல்லியே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொல்லக்கூடிய எனக்கு அது காலில் தெரியாது. காலில் தெரிகிற இவர் சொல்ல மாட்டார். இந்த லட்சணத்தில் என்ன சோதனை? பெரியவரை ஏற இறங்கப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பருமன் அப்படியே அவருக்கும் இருந்தது.

"ஏனுங்கண்ணா, நீங்க ஒருக்கா ஏறுங்களேன்."

"நானுங்களா? ஒரு நாளும் ஏறுனதில்லீங்க அம்மணி." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். நாலு எட்டு வைப்பதற்குள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். "அட, வழுக்குதுங்களே! ஏனுங்க, உங்களுக்கு வழுக்கலீங்களா?"

இவர் மின்விசிறியைப் பார்த்தார். "லேசா... வழுக்குச்சுங்க."

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த ஒப்பிட்டு கீழே விழுந்தது. பெரியவருக்குத்தான் பெரிய சங்கடம். "மருமவ மட்டுந்தானுங்க நடந்துச்சு, ஒல்லிப் புள்ள. சத்தியமா எனக்குத் தெரியாதுங்க." தேடிப் பிடித்து ஒரு ஆலன் கீயை எடுத்து வந்தார். பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் இருக்கிற போல்ட்டைச் சமமாகக் கால் சுற்று முறுக்கினார். ஒரு பக்கம் கூடிவிட்டால் பெல்ட் கோணிக்கொண்டு போய்விடுமாம். மறுபடியும் இவரை ஏற்றினோம்.

வழுக்கல் குறைந்திருந்தது, போகவில்லை. ஆனால் நான் பெல்ட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஆமை வேகத்தில்தான் ஓடியது, இவர் நெற்றியெல்லாம் வியர்வை. வலது கை சட்டைப் பொத்தானுக்கு மேலே, நெஞ்சில் இருந்தது.

"என்னங்க பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்குது."

அதே குரல். வழுக்கும் பெல்ட்டை அருமை என்ற குரல். கிளிப்பைப் பிடித்து இழுத்தேன், மெஷின் நின்றது.

"அவிய மனசு நோகக் கூடாதுன்னு மெசினு நல்லா இருக்குதுன்னீங்க. நெஞ்சு எப்புடி இருக்குதுன்னு நாங் கேட்டா தெனமும் இதைத்தானே சொல்றீங்க? அதும் என் மனசு நோகக் கூடாதுன்னா?"

இவர் மெஷினிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "மாடிப்படி ஏறுனா புடிக்குது. ஒரு மாசமா," என்றார். "சொன்னா நீ பயந்துக்குவே."

முன்பின் தெரியாதவர் வீட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வெட்கமாகவே இல்லை. அந்த அம்மா என் கையை விடவில்லை. பெரியவரே காரை எடுத்து, அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். பரிசோதனைகள் எல்லாம் முடித்து மாத்திரையை மாற்றினார், சில வாரம் ஓய்வு கொடுத்தார். அதன் பிறகு மெதுவாக நடக்கலாம் என்றும், மூச்சு வாங்கினாலோ நெஞ்சு பிடித்தாலோ உடனே நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். சொல்ல வேண்டும் என்பதை மட்டும் இவர் முகத்தைப் பார்த்து இரண்டு தடவை சொன்னார்.

பெரியவர் தினமும் போன் செய்து விசாரித்தார். ஒரு நாள், "மெக்கானிக்கு வந்து பார்த்தானுங்க அம்மணி. பெல்ட்டுக்கு அடிப்பக்கம் தேஞ்சு கண்ணாடியாட்டம் ஆயிருச்சாமுங்க. புதுசு போட்டு, சிலிகான் ஆயிலும் உட்டாச்சுங்க. நீங்க வந்து பார்த்துப்போட்டு, புடிச்சா எடுத்தாப் போதும்," என்றார்.

போனோம். முதலில் பெரியவர் ஏறிக் காட்டினார், வழுக்கவில்லை. பிறகு இவர் ஏறினார். நான் பெல்ட்டைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தேன். மூன்று பேரும் இவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"எப்புடிங்க இருக்குது?" என்றார் பெரியவர்.

இவர் கையை நீட்டி வேகத்தைக் குறைத்தார். அப்புறம் பட்டனைத் தட்டி நிறுத்தியேவிட்டார்.

"மெசினு நல்லா இருக்குதுங்க. எனக்குத்தான் மூச்சு வாங்குது. இன்னிக்கு இது போதும்."

நான் கைப்பையைத் திறந்து பணத்தை எடுத்தேன்.